ராத்திரி எழுப்பும் கண்வலிக்குச் சொட்டு மருந்து போதாது

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயது. ஒன்பது வருடமாக முடக்குவாதம். கை விரல், மணிக்கட்டு எல்லாம் இப்போது பரவாயில்லை என்பதால் வாரம் ஒரு முறை போடும் மெத்தோட்ரெக்சேட்டை ஆறு மாதமாக விட்டுவிட்டேன். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறேன். மூன்று வாரமாக இடது கண் சிவந்தே இருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்டால் இரண்டு நாள் சிவப்பு குறைகிறது, விட்டால் மறுபடி வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எழுப்பிவிடுகிறது. புருவம், நெற்றிப்பொட்டு, தாடை வரை இழுக்கிறது. பல் வலியோ என்று பல் டாக்டரிடமும் காட்டினேன், பல் நன்றாக இருக்கிறது என்றார். மாமியார் உடம்புச் சூடு என்று நந்தியாவட்டைப் பூ சாறு விடச் சொல்கிறார். வேறு நல்ல சொட்டு மருந்து எழுதிக் கொடுங்கள்.

பதில்:

அம்மா, சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கப் போவதில்லை. நாளைக்கே ஒரு கண் மருத்துவரிடம் நேரில் போங்கள். முடியாவிட்டால் நாளை மறுநாள், அதற்கு மேல் தள்ள வேண்டாம். போனதும் முதல் வாக்கியமாக "எனக்கு முடக்குவாதம் இருக்கிறது" என்று சொல்லுங்கள். கண் சிவப்பு என்று மட்டும் சொன்னால் கூட்டத்தில் இன்னொரு மெட்ராஸ் ஐயாகப் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் சிவப்பைவிட வலியைப் பற்றி எழுதியிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெட்ராஸ் ஐ ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பாது. அதில் உறுத்தும், நீர் வடியும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்கும் வரும், வீட்டில் இன்னொருவருக்கும் வரும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். உங்களுடையது ஒரே கண்ணில், பீளை இல்லாமல், எலும்புக்குள் குடைவது மாதிரி ஆழமான வலியாக, தாடை வரை போகிறது. முடக்குவாதம் உள்ளவருக்கு இப்படி வந்தால், வேறு என்று நிரூபிக்கப்படும் வரை அதை ஸ்க்ளீரைட்டிஸ் என்றே நான் வைத்துக்கொள்வேன். கண்ணின் வெள்ளைச் சுவரிலேயே வந்திருக்கும் அழற்சி அது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும் வரை இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

கண்ணின் வெள்ளைப் பகுதி ஒரே தோல் அல்ல. மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு படலம் இருக்கிறது, மெட்ராஸ் ஐ வருவது அதில். அதற்குக் கீழே ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு மெல்லிய அடுக்கு, அதை எபிஸ்க்ளீரா என்கிறோம். அதற்கும் கீழே இருப்பதுதான் ஸ்க்ளீரா, கண் உருண்டைக்கு வடிவம் கொடுக்கும் கெட்டியான வெள்ளைச் சுவர். கெட்டி என்றாலும் பின்பக்கம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். கண்ணை அசைக்கும் தசைகள் வந்து ஒட்டும் இடத்துக்குப் பின்னால் 0.3 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மெலிந்திருக்கும். இந்தச் சுவர் கொலாஜன் என்ற நாரால் ஆனது. உங்கள் மூட்டுகளின் உறையும் அதே வகை நார்தான். அதனால்தான் மூட்டைத் தாக்கும் நோய் கண்ணையும் தேடி வருகிறது.

நடு அடுக்கில் மட்டும் அழற்சி வந்தால் எபிஸ்க்ளீரைட்டிஸ். இதுவும் முடக்குவாதக்காரர்களுக்கு வரும், ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வரும். திடீரென்று கண்ணின் ஒரு மூலை பளிச்சென்று சிவக்கும். லேசாக எரியும், தொட்டால் கொஞ்சம் வலிக்கும், பார்வை கெடாது, தூக்கம் கெடாது. ஒன்றும் செய்யாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானே போய்விடும். குளிர்ந்த ஒத்தடம், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, தேவைப்பட்டால் சில நாள் வலி மாத்திரை, அவ்வளவுதான். அடிக்கடி திரும்பி வரும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை.

சுவரிலேயே வந்தால் கதை வேறு. கண்ணுக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன. நெற்றிக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் அதே பெரிய நரம்பின் கிளைகள் அவை. அதனால்தான் உங்களுக்குப் பல் வலி மாதிரி இருந்தது. பல் டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொன்னது சரிதான். கண்ணைத் திருப்பும் தசைகளும் அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கின்றன, அதனால் பக்கவாட்டில் பார்க்கும்போது வலி கூடும். இமையை மூடிக்கொண்டு விரலால் மெல்லத் தொட்டாலே சிலர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். ராத்திரியில், குறிப்பாகப் பின்னிரவில், வலி ஏறும். பாராசிட்டமால் போட்டாலும் விடியும் வரை உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லாத ஸ்க்ளீரைட்டிஸ் நோயாளி குறைவு.

சரி, சொட்டு மருந்து போட்டால் குறைகிறதே என்பீர்கள். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மருந்துக் கடையில் மெட்ராஸ் ஐ என்று கொடுக்கும் பாட்டில்கள் பலவற்றில் கிருமி மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். உங்கள் பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன் அல்லது பெட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா பாருங்கள். அது மேல் அடுக்கின் வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், சிவப்பு வெளிறும். கீழே சுவரில் எரிவதை அணைக்கிற அளவுக்கு அது போதாது. சிவப்பை மட்டும் எடுக்கும் வேறு சொட்டுகள் உண்டு. அவை மேல் குழாய்களைச் சுருக்கும், மருந்தின் வேகம் போனதும் முன்பைவிடச் சிவக்கும். இரண்டிலும் கண் வெளுத்துத் தெரிகிறது, நோய் உள்ளே தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், அதற்கு வலி கூடத் தெரியாது. அதனால் புதிதாக இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். இருக்கும் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதையும் சொல்லுங்கள்.

நந்தியாவட்டை, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம் என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் மேல் தப்பில்லை, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த நோயில் கருவிழியின் ஓரமும் சில சமயம் அரிக்கத் தொடங்கியிருக்கும். அந்தப் புண்ணில் கழுவாத பூவின் சாறு போனால் அப்புறம் கிருமி வேறு சேர்ந்துகொள்ளும்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் உங்களுக்குப் பதற்றம் குறையும். நல்ல கண் மருத்துவர் ஒருவர் முதலில் உங்களை ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, மேல் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கச் சொல்வார். அறை விளக்கிலும் கருவியின் வெளிச்சத்திலும் தெரியாத ஒரு நிறம் பகல் வெளிச்சத்தில் தெரியும். எபிஸ்க்ளீரைட்டிஸ் என்றால் பளிச்சென்ற சிவப்பு. ஸ்க்ளீரைட்டிஸ் என்றால் சிவப்போடு கத்தரிப்பூ நிறம் கலந்திருக்கும். அடுத்து ஃபினைலெஃப்ரின் என்ற சொட்டை விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைப்பார்கள். மேல் குழாய்கள் சுருங்கிக் கண் வெளுத்துவிட்டால் பிரச்சினை மேலோடு நிற்கிறது. நடுவில் ஆழத்துச் சிவப்பு அப்படியே நின்றால் அது சுவரில் இருக்கிறது. பஞ்சுக் குச்சியால் மெல்ல நகர்த்திப் பார்ப்பதும் உண்டு. மேல் குழாய்கள் நகரும், ஆழத்துக் குழாய்கள் நகராது. இதையெல்லாம் வீட்டில் கண்ணாடி முன்னால் செய்து பார்க்க வேண்டாம். அந்தச் சொட்டு ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, உங்களுக்கு பிபி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஸ்லிட் லேம்ப் கருவியில் பச்சை வெளிச்சம் போட்டுப் பார்ப்பார்கள். சிவந்த பரப்பின் நடுவே ரத்தக் குழாயே இல்லாத வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கிறதா என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. அது இருந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் நின்றுபோய்ச் சுவர் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே தீவிர சிகிச்சை தொடங்க வேண்டும். கண் அழுத்தம் பார்ப்பார்கள், சொட்டு விட்டுக் கண்ணின் பின்புறமும் பார்ப்பார்கள். அழற்சி பின்பக்கச் சுவரில் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட், அதாவது பி ஸ்கேன் எடுப்பார்கள். பின்பக்கத்தில் மட்டும் வந்தால் கண் வெளியே துளிகூடச் சிவக்காமல், வலியும் மங்கலும் மட்டும் இருக்கும். அதனால் "கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்று யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது.

இந்த நோயை மருத்துவர்கள் இன்றும் பிரிக்கும் முறை, 1976-இல் பீட்டர் வாட்சனும் சோஹன் சிங் ஹைரேயும் பிரித்துக் காட்டியதுதான். முன்பக்கத்தில் பரவலாகச் சிவப்பது ஒன்று. கட்டி மாதிரி ஓரிடத்தில் எழுவது இன்னொன்று. சுவர் அழிவது மூன்றாவது, அதிலேயே வலியோடு அழிவது, வலியே இல்லாமல் அழிவது என்று இரண்டு. அதோடு பின்பக்கத்தில் வருவது. சிகிச்சை எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பது இதில் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான்.

உங்களுடையது பரவலாகச் சிவக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பொதுவாக இன்டோமெத்தசின் அல்லது நாப்ராக்சன் மாதிரி வலி மாத்திரையை முழு அளவில் தொடங்கி, ஓரிரு வாரம் பார்ப்பது வழக்கம். வலிக்காக மட்டுமல்ல, அழற்சியை அடக்கவே அதைக் கொடுக்கிறோம், எனவே வலித்தால் மட்டும் போடுகிற மாத்திரையாக நினைக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் முதலில் சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சர்க்கரை இருக்கிறது, மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்கவும் நேரலாம், இரண்டும் சேரும்போது வலி மாத்திரை சிறுநீரகத்தைப் படுத்தும். வயிற்றுப் புண் வரலாறு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அது போதாவிட்டால், அல்லது வலி மிகக் கடுமையாக இருந்தால், வாய்வழி ஸ்டீராய்டுதான். ப்ரெட்னிசலோன் பெரும்பாலும் எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று தொடங்கும். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 மில்லிகிராம், காலை உணவுக்குப் பிறகு ஒரே வேளையாக. இரண்டு மூன்று நாளில் வலி விடும். ராத்திரி தூக்கம் வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். சிவப்பு குறைய வாரக்கணக்காகும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். வலி போய்விட்டதே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்திவைத்திருக்கும், திடீரென்று விட்டால் தலைசுற்றும், நோயும் திரும்பும். மருத்துவர் எழுதிய வரிசையில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும், வழக்கமாக அதற்கே சில மாதம் ஆகும்.

சர்க்கரை விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் ப்ரெட்னிசலோன் போட்டால் சர்க்கரை மதியத்துக்கு மேல், மாலையில்தான் ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல எண் வரும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அதனால் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் போதாமல் சில வாரம் இன்சுலின் தேவைப்படலாம், அதை நிரந்தரம் என்று பயப்பட வேண்டாம். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இனி, மெத்தோட்ரெக்சேட்டை விட்ட விஷயம். மூட்டு அமைதியாக இருந்தது அந்த மாத்திரையால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் விட்ட பிறகு மூட்டில் தெரியாத நோய் கண்ணில் தெரிகிறது. மூட்டு நன்றாக இருக்கும்போதே கண்ணில் வருவது அபூர்வம் அல்ல, எனவே "கை வலிக்கவில்லையே, இது அதனால் இருக்காது" என்ற கணக்கு இங்கே சரிவராது. ஸ்டீராய்டு தீயை இன்றைக்கு அணைக்கும். மறுபடி பற்றாமல் காப்பது மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினலேட் மாதிரி மருந்துகள்தான். அவை வேலை காட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால்தான் இடைக்காலத்துக்கு ஸ்டீராய்டு. ஆனால் பழைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். ஆறு மாத இடைவெளிக்குப் பிறகு ஈரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் பார்த்து, அளவை மூட்டு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதோடு காசநோய் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். நம் ஊரில் காசநோயே ஸ்க்ளீரைட்டிஸாக வருவது உண்டு. அதற்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் விஷயம் மோசமாகும். அதனால்தான் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்க்கான மான்டூ தோல் பரிசோதனை, சிபிலிஸ் பரிசோதனை என்று எழுதிக் கொடுப்பார்கள். "கண்ணுக்கு எதற்கு நெஞ்சு எக்ஸ்ரே" என்று சண்டை போட வேண்டாம்.

வலியே இல்லாமல் சுவர் அழியும் வகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் மாதிரி நீண்ட காலம் முடக்குவாதம் உள்ள பெண்களுக்கே அதிகம் வருகிறது. என்னிடம் ஒரு அம்மா வந்தார், விரல்களெல்லாம் கோணியிருந்தன, இருபது வருட நோய். கண் வலிக்கவில்லை, சிவக்கவும் இல்லை. பேத்தி போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, "பாட்டி, உங்க வெள்ளைக்கண்ணுல நீலமா ஏதோ இருக்கு" என்றதால்தான் வந்தார். மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் சுவர் அங்கே காகிதம் மாதிரி மெலிந்து, உள்ளே இருக்கும் கரிய அடுக்கு நீலமாகத் தெரிந்தது. அழுத்தித் தேய்த்தாலும், லேசான அடி பட்டாலும் அந்த இடம் கிழியலாம். அவருக்கு மூட்டு மருத்துவரோடு பேசி உள் மருந்தை மாற்றினோம். கூடவே உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னோம். சொட்டு மருந்து என்று சொன்னால் கண்ணீர்ச் சொட்டு மட்டும்தான் கொடுத்தோம்.

எல்லா நீலமும் இப்படி அல்ல. ஸ்க்ளீரைட்டிஸ் ஆறிய இடத்திலும் சாம்பல் நீலத் திட்டு நின்றுவிடும், அது பழைய தடம். புதிதாக வந்ததா, பரவுகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல வேலை ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லி யாரையாவது போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். படங்களைத் தேதியோடு வைத்திருங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுவர் அழியும் வகையை நாங்கள் கண் நோயாக மட்டும் பார்ப்பதில்லை. உடம்பில் வேறு இடங்களிலும் ரத்தக் குழாய்கள் வீங்கியிருக்கும் என்பதற்கு அது அறிகுறி. இப்படிப்பட்ட முடக்குவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து அமெரிக்காவில் 1984-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. நோய் எதிர்ப்பை அடக்கும் வலுவான மருந்து பெறாதவர்களில் பலர் அந்தக் கவனிப்புக் காலத்தில் இறந்திருந்தார்கள், பெற்றவர்களில் மிகச் சிலரே. பயமுறுத்தச் சொல்லவில்லை. சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ரிட்டுக்சிமாப் என்று பெரிய மருந்துகளை ஒரு "சின்ன" கண் சிவப்புக்கு எழுதுகிறார்களே என்று வீட்டில் யாராவது கேட்டால், காரணம் இதுதான் என்று சொல்லத்தான்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடுவது அலெண்ட்ரோனேட்டாக இருந்தால், அந்த வகை மருந்துகளே அபூர்வமாகச் சிலருக்கு ஸ்க்ளீரைட்டிஸைக் கிளப்பும். பெரும்பாலும் தொடங்கிய கொஞ்ச நாளில் வரும். உங்கள் கண் சிவப்பதற்கு எத்தனை நாள் முன்னால் அந்த மாத்திரை தொடங்கினார்கள் என்று பாருங்கள். நிறுத்துவதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். இப்படி ஒரு காரணம் இருக்கிறதென்று பலருக்கு நினைவுக்கு வராது, அதனால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பார்வை மங்கினால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாவிட்டால், கருவிழியின் ஓரத்தில் வெள்ளையாகவோ பள்ளமாகவோ ஏதாவது தெரிந்தால், கண்ணிலிருந்து திடீரென்று தண்ணீர் கொட்டினால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். தலைவலியோடு வாந்தியும் விளக்கைச் சுற்றி வளையமும் தெரிந்தால் அது கண் அழுத்தம் ஏறியதாக இருக்கலாம், அப்போதும் ராத்திரியானாலும் போய்விடுங்கள். மருத்துவமனையில் கண் பிரிவும் மூட்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தால் நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் அப்படி இருக்கிறது. வேறு வேறு இடம் என்றால், கண் மருத்துவரிடம் "மூட்டு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வகை ஸ்க்ளீரைட்டிஸ், ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் தொடங்கியது என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருந்தால் போதும்.